ஒரே எண், இரு உடல்கள்: பிஎம்ஐ எதைக் கணக்கிடுகிறது, எங்கே தவறு செய்கிறது?

முழு உடல் பரிசோதனை அறிக்கையில் உயரம், எடை ஆகியவற்றுக்கு அடுத்த வரியில் இடம்பெறும் எண், உடல் நிறை குறியீட்டெண் எனப்படும் பிஎம்ஐ. அது 22 என்றிருந்தால் 'இயல்பு' என்றும், 27 என்றிருந்தால் 'அதிக எடை' என்றும் அறிக்கை கூறிவிடும். பெரும்பாலானோர் அத்துடன் நிம்மதியோ கவலையோ அடைந்து பக்கத்தைப் புரட்டிவிடுவர்.

ஆனால் இந்த எண் இப்போது வெறும் அறிக்கை வரியாக மட்டும் இல்லை. கடந்த 2025-ஆம் ஆண்டு இந்தியச் சந்தைக்கு வந்த எடைக் குறைப்பு ஊசி மருந்துகளை யாருக்குத் தரலாம் என்பதும், உடல்பருமன் அறுவை சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீட்டுத் தொகை கிடைக்குமா என்பதும் இந்த எண்ணை வைத்தே முடிவாகின்றன. அதே ஆண்டின் ஜனவரி மாதத்தில், இந்திய மருத்துவர்கள் குழு ஒன்றும் சர்வதேச நிபுணர் ஆணையம் ஒன்றும் உடல்பருமனுக்கான வரையறையைத் தனித்தனியே மாற்றி எழுதின. பிஎம்ஐ மட்டும் போதாது என்பதில் இரண்டும் ஒன்றுபட்டன. எனினும், அந்த எண்ணை எந்த இடத்தில் வைப்பது என்பதில் அவை வேறுபட்டன. அந்த வேறுபாடு இந்தியர்களுக்கு முக்கியமானது.

கணக்கு எளிது, நோக்கம் வேறு

கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பதே பிஎம்ஐ. 165 செ.மீ. உயரமும் 62 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு, 1.65-ஐ 1.65-ஆல் பெருக்கினால் 2.72. எடையான 62-ஐ அதனால் வகுத்தால் ஏறத்தாழ 22.8. அவ்வளவுதான் கணக்கு. இதில் வயது இல்லை, பாலினம் இல்லை, தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அந்தக் கொழுப்பு எங்கே படிந்துள்ளது என்பதும் இல்லை.

இந்தச் சூத்திரத்தை வகுத்தவர் மருத்துவர் அல்லர். பெல்ஜியத்தைச் சேர்ந்த கணிதவியலாளரும் வானியலாளருமான அடோல்ஃப் கெத்தலே, 1830-களில் 'சராசரி மனிதனின்' அளவுகளை ஆராய்ந்தபோது, வளர்ந்த மனிதர்களின் எடை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அமைவதைக் கண்டறிந்தார். தனி ஒருவரின் உடல்நலத்தைக் கணிப்பது அவரது நோக்கமாக இருக்கவில்லை.

'உடல் நிறை குறியீட்டெண்' என்ற பெயர் 1972-இல்தான் வந்தது. அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸும் அவரது குழுவினரும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,400-க்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளைக் கொண்டு, எடையையும் உயரத்தையும் இணைக்கும் பல சூத்திரங்களை ஒப்பிட்டனர். அவற்றில் உடல் கொழுப்புடன் ஓரளவு நன்கு பொருந்தியதாலும், கணக்கிட எளிதாக இருந்ததாலும் கெத்தலேயின் சூத்திரத்தைத் தேர்ந்தெடுத்தனர். அந்த ஆய்வில் பெண்கள் இல்லை, இந்தியர்களும் இல்லை.

எடை பார்க்கும் கருவியும் உயரம் அளக்கும் கோலும் இருந்தால் லட்சக்கணக்கானோரை ஒரே மாதிரி அளந்துவிடலாம் என்பதே இந்த எண்ணின் பலம். ஒரு மாவட்டத்தில் ஊட்டச்சத்துக் குறைபாடு குறைகிறதா, ஒரு மாநிலத்தில் உடல்பருமன் பெருகுகிறதா என்பதை அறிய இது இன்றும் நல்ல கருவியே. கூட்டத்தைப் பற்றிக் கூறும் எண்ணைத் தனிமனிதரின் மீது தீர்ப்பாக எழுதும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

புணே மருத்துவரும் லண்டன் மருத்துவரும்

அந்தச் சிக்கலை விளக்க, 2004-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஒரு படம் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதில் இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் அருகருகே நிற்கின்றனர். ஒருவர் புணே கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கின். இருவரின் பிஎம்ஐ அளவும் 22.3. எந்த நாட்டு அட்டவணையின்படியும் இது இயல்பான அளவே.

ஆனால் உடல் கொழுப்பை 'டெக்ஸா' எனப்படும் ஊடுகதிர் முறையில் அளந்தபோது, யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். இருமடங்குக்கும் அதிகம். உயரமும் எடையும் சேர்ந்து ஒரே எண்ணைத் தந்தாலும், ஒருவரது எடையில் தசை மிகுந்திருக்க, மற்றவரது எடையில் கொழுப்பு மிகுந்திருந்தது.

இது இருவருக்கிடையே தற்செயலாக அமைந்த வேறுபாடு அன்று. யாஜ்னிக் குழுவினர் புணே அருகே உள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் நகரக் குழந்தைகளுடன் ஒப்பிட்டனர். இந்தியக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை ஏறத்தாழ 2.7 கிலோ, ஆங்கிலேயக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. எடை குறைவாக இருந்ததால் இந்தியக் குழந்தைகளின் உடலில் எல்லாமே ஒரே விகிதத்தில் குறைந்திருக்கவில்லை. தசையும் வயிற்று உள்ளுறுப்புகளும் சிறுத்திருக்க, தோலடிக் கொழுப்பு மட்டும் ஓரளவு காக்கப்பட்டிருந்தது. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பு மிகுந்திருக்கும் இந்த உடலமைப்பு பிறப்பிலேயே தொடங்குவதை அந்த ஆய்வு காட்டியது.

கொழுப்பு எங்கே சேர்கிறது?

உடலில் கூடுதலாகச் சேரும் ஆற்றல் முதலில் தோலுக்கு அடியில் கொழுப்பாகச் சேமிக்கப்படுகிறது. இடுப்பிலும் தொடையிலும் சேரும் அந்தக் கொழுப்பு ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்தது. அந்தச் சேமிப்பிடம் நிறைந்த பிறகு, கொழுப்பு வழிந்து, சேரக் கூடாத இடங்களான கல்லீரல், கணையம், தசை, குடலைச் சுற்றிய பகுதி ஆகியவற்றில் படிகிறது. கல்லீரலில் கொழுப்பு படியும்போது இன்சுலினின் ஆணைக்கு அது சரிவரச் செவிசாய்ப்பதில்லை. ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கிறது. ரத்தச் சர்க்கரையைப் பெருமளவு உறிஞ்ச வேண்டிய தசையும் குறைவாக இருந்தால் சுமை இரட்டிப்பாகிறது.

தெற்காசியர்களுக்கு அந்தத் தோலடிச் சேமிப்பிடம் விரைவில் நிரம்பிவிடுவதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். எனவேதான் ஐரோப்பியர் ஒருவர் 90 கிலோவில் சந்திக்கும் நோயை, அதே உயரமுள்ள இந்தியர் 70 கிலோவிலேயே சந்திக்க நேரிடுகிறது. பிஎம்ஐ சூத்திரத்தில் எடை மட்டுமே இருப்பதால் இந்த வழிந்தோடலை அது காண்பதில்லை.

இந்த வேறுபாட்டின் அளவை 2021-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இங்கிலாந்தின் ஆரம்ப சுகாதாரப் பதிவேடுகளில் இருந்து ஏறத்தாழ 14.7 லட்சம் பேரின் தரவுகளை ஆராய்ந்தபோது, வெள்ளையினத்தவர் பிஎம்ஐ 30-இல் எதிர்கொள்ளும் நீரிழிவு அபாயத்தைத் தெற்காசிய வம்சாவளியினர் 23.9-இலேயே எதிர்கொள்வது தெரியவந்தது. அதாவது, உலக அட்டவணையில் 'இயல்பு' என்று எழுதப்படும் எண், தெற்காசியருக்கு 'உடல்பருமன்' என்பதற்கு நிகரான அபாயத்தைக் கொண்டிருக்கிறது.

எத்தனை எல்லைக் கோடுகள்?

உலக சுகாதார அமைப்பின் பொது அட்டவணையில் 18.5-க்குக் கீழ் குறைந்த எடை. 25 முதல் அதிக எடை. 30 முதல் உடல்பருமன். ஆசியர்களுக்கு அபாயம் முன்கூட்டியே தொடங்குவதால், அந்த அமைப்பின் நிபுணர் குழு 2004-இல் 23, 27.5 ஆகியவற்றைக் கூடுதல் எச்சரிக்கைப் புள்ளிகளாகப் பரிந்துரைத்தது. இந்திய மருத்துவர்கள் 2009-இல் ஒருமித்து வெளியிட்ட வரையறையில் 23 முதல் அதிக எடை, 25 முதல் உடல்பருமன் என்று இன்னும் கீழே இறக்கினர்.

ஆனால் பணம் சம்பந்தப்பட்ட இடங்களில் எல்லைக் கோடு மேலேயே நிற்கிறது. இந்திய காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் நிர்ணயித்துள்ள பொது விதிவிலக்கு வாசகத்தின்படி, உடல்பருமன் அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு பெற பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். கட்டுப்படாத நீரிழிவு, இதய நாள நோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை போன்ற நோய்கள் உடனிருந்தால் 35 போதும். ஆனால் இத்துறையின் அமெரிக்க, சர்வதேச அறுவை சிகிச்சை நிபுணர் சங்கங்கள் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ, ஆசியர்களுக்கு 27.5-இலேயே இந்தச் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கிறது.

இந்த இடைவெளியைக் கிலோவில் பார்த்தால் அதன் பொருள் விளங்கும். 160 செ.மீ. உயரமுள்ள பெண் ஒருவருக்கு பிஎம்ஐ 27.5 என்பது 70.4 கிலோ, 35 என்பது 89.6 கிலோ. மருந்துகளுக்குக் கட்டுப்படாத நீரிழிவுடன் 80 கிலோ எடையில் இருக்கும் அவரது பிஎம்ஐ 31.25. மருத்துவ வழிகாட்டுதலின்படி அவர் சிகிச்சைக்குத் தகுதியானவர். காப்பீட்டு வாசகத்தின்படி, இன்னும் ஏறத்தாழ பத்து கிலோ கூடினால்தான் தகுதி பெறுவார். நோய் உடலில் இருக்க, தகுதியை எண் தீர்மானிக்கும் நிலை இது.

இரண்டு ஆய்வுகள், இரண்டு இந்தியாக்கள்

நாட்டின் நிலையைக் கணிப்பதிலும் எந்த அளவுகோலைப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. 2019-21-இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 24 சதவீதத்தினர் பிஎம்ஐ 25 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள். அந்த ஆய்வில் முதன்முறையாக இடை, இடுப்புச் சுற்றளவுகளும் அளக்கப்பட்டன. அவற்றின் விகிதத்தை வைத்துப் பார்த்தபோது, அபாய எல்லையில் இருந்த பெண்கள் ஏறத்தாழ 57 சதவீதம். ஆண்கள் ஏறத்தாழ 48 சதவீதம்.

இந்த இரு எண்களையும் அப்படியே கழித்து, 'மறைந்திருக்கும் பருமன் 33 சதவீதம்' என்று கூறிவிட இயலாது. இடுப்பு குறுகிய மெலிந்த பெண்ணுக்கும் அந்த விகிதம் உயரக்கூடும். ஆயினும், சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் இணைந்து நடத்திய 'இண்டியாப்' ஆய்வும் அதே திசையையே காட்டுகிறது. 31 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 1.13 லட்சம் பேரிடம் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான அந்த ஆய்வில், பிஎம்ஐ அடிப்படையிலான பருமன் 28.6 சதவீதம். இடைச் சுற்றளவின் அடிப்படையிலான வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம். பிஎம்ஐ எல்லையை 25-ஆகத் தாழ்த்திய பிறகும் இந்த இடைவெளி நிற்கிறது என்பதுதான் கவனிக்கத்தக்கது.

புதிய வரையறைகள் என்ன கூறுகின்றன?

எய்ம்ஸ், தேசிய நீரிழிவு, உடல்பருமன் மற்றும் கொலஸ்ட்ரால் அறக்கட்டளை உள்ளிட்ட அமைப்புகளின் மருத்துவர்கள் 2025 ஜனவரியில் வெளியிட்ட வரையறை, உடல்பருமனை இரண்டு நிலைகளாகப் பிரிக்கிறது. பிஎம்ஐ 23-ஐத் தாண்டி, உறுப்புகளிலோ அன்றாடச் செயல்களிலோ பாதிப்பு இல்லாதிருந்தால் முதல் நிலை. அதனுடன் வயிற்றுக் கொழுப்பும், அதனால் விளைந்த உடல் பாதிப்போ நீரிழிவு போன்ற நோயோ சேர்ந்திருந்தால் இரண்டாம் நிலை.

லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் பிரான்செஸ்கோ ரூபினோ தலைமையில் 58 நிபுணர்கள் கொண்ட 'லான்செட்' ஆணையமும் அதே மாதம் அறிக்கை வெளியிட்டது. உறுப்புகள் பாதிக்கப்பட்டிருந்தால் 'நோய்நிலைப் பருமன்'. பாதிக்கப்படாதிருந்தால் 'நோய்க்கு முந்தைய பருமன்' என்று அது பிரித்தது. பிஎம்ஐ உயர்ந்திருந்தாலும், இடைச் சுற்றளவு போன்ற மற்றோர் அளவாலோ நேரடிக் கொழுப்பு அளவீட்டாலோ அதை உறுதிசெய்ய வேண்டும் என்றது. 40-க்கு மேற்பட்ட பிஎம்ஐக்கு மட்டும் அந்த உறுதிப்பாடு தேவையில்லை. பிஎம்ஐ எவ்வளவாக இருந்தாலும், இரண்டு உடல் அளவுகள் எல்லையைத் தாண்டினால் அதையே மிகைக் கொழுப்பின் சான்றாகக் கொள்ளலாம் என்பது அதன் மற்றொரு முடிவு.

இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை இரு உதாரணங்களில் காணலாம்.

முதலாமவர், நாள் முழுவதும் அமர்ந்து பணியாற்றும் 42 வயது ஆண். தொடக்கத்தில் கணக்கிட்ட அதே 165 செ.மீ., 62 கிலோ, பிஎம்ஐ 22.8. அவரது இடைச் சுற்றளவு 92 செ.மீ. இந்திய ஆண்களுக்கான எல்லை 90 செ.மீ.; பெண்களுக்கு 80 செ.மீ. எனவே அவர் அதைத் தாண்டிவிட்டார். இடைச் சுற்றளவை உயரத்தால் வகுத்தால் 0.56, அது 0.5-க்குள் இருக்க வேண்டும். அந்த எல்லையையும் தாண்டிவிட்டார். ஆணையத்தின் முறைப்படி அவரிடம் மிகைக் கொழுப்பு இருக்கிறது. ஆனால் இந்திய வரையறையின் வாசலில் 23 என்ற எண் நிற்பதால், அவர் உள்ளே வரவே இல்லை. உடல்பருமன் பட்டியலில் இல்லாத அவருக்குச் சர்க்கரையும் கல்லீரலும் பரிசோதிக்கப்படாமலே போகக்கூடும்.

இரண்டாமவர், எடைப் பயிற்சியில் ஈடுபட்ட 26 வயது இளைஞர். உயரம் 175 செ.மீ., எடை 84 கிலோ, பிஎம்ஐ 27.4. இடைச் சுற்றளவு 82 செ.மீ.; உயரத்துடனான விகிதம் 0.47. கூடுதல் எடை தசையில் இருக்கிறது. ஆணையத்தின் முறை இவரைப் பருமனானவர் எனக் கருதாது. ஆனால் 23-ஐ மட்டும் கொண்டு முதல் நிலையை முடிவுசெய்தால் இவருக்கு உடல்பருமன் முத்திரை விழும்.

எல்லைக் கோட்டைக் கீழே இறக்குவது, தவறவிடப்படுவோரின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. அதே வேளையில் தவறாக முத்திரை குத்தப்படுவோரின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. எந்த இடத்தில் கோட்டைப் போட்டாலும், தசையையும் கொழுப்பையும் பிரித்தறியாத எண்ணால் இந்த இரண்டு பிழைகளையும் ஒருசேரத் தவிர்க்க இயலாது. மற்றோர் அளவைச் சேர்ப்பதன் அவசியம் இதுவே.

அளவிலேயே பிழை நேரலாம்

உயரம் வர்க்கமாகப் பயன்படுவதால், அதில் நேரும் பிழை இருமடங்காகப் பெருகும். மேற்கண்ட முதலாமவர் தமது உயரத்தை 168 செ.மீ. என்று வாய்மொழியாகக் கூறியிருந்தால், பிஎம்ஐ 22.8-இலிருந்து 22-ஆகக் குறைந்துவிடும். படிவத்தில் எழுதிய உயரத்தைக் காட்டிலும், காலணியின்றிச் சுவரோடு நின்று அளந்த உயரமே நம்பத்தக்கது. முதியவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. வயது ஏற ஏற உயரமும் தசையும் குறைந்து கொழுப்பு கூடும். எடை மாறாதிருந்தால், உள்ளே நிகழ்ந்த மாற்றம் பிஎம்ஐ எண்ணில் சரியாகப் புலப்படாது. கர்ப்பிணிகளுக்கு இது பொருந்தாது. சிறுவர்களுக்கு வயது, பாலினத்துக்கேற்ற தனி வளர்ச்சி அட்டவணையுடன் ஒப்பிட்டே பார்க்க வேண்டும்.

இடைச் சுற்றளவிலும் பிழை நேரும். கால்சட்டையின் அளவு இடைச் சுற்றளவு ஆகாது. தொப்பைக்குக் கீழே அணியப்படுவதால் அது பல செ.மீ. குறைத்துக் காட்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, ஆடையின்றித் தோலின் மீது, அளவு நாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்ற வேண்டும். வயிற்றை உள்ளிழுக்காமல், இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில் அளவெடுக்க வேண்டும். இருமுறை எடுத்து இரண்டும் ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பது நல்லது.

இடைச் சுற்றளவும் முழு உண்மையைக் கூறிவிடாது. தோலடிக் கொழுப்பையும் உள்ளுறுப்புகளைச் சுற்றிய கொழுப்பையும் அந்த நாடா பிரித்தறிவதில்லை. உறுப்புகள் பாதிக்கப்பட்டுள்ளனவா என்பதை ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு, கல்லீரல் பரிசோதனைகளே கூறும். எனவே பிஎம்ஐ முதல் கேள்வியாகவும், இடைச் சுற்றளவு இரண்டாவது கேள்வியாகவும் அமைய, விடை பரிசோதனைகளில் இருந்தே கிடைக்க வேண்டும்.

மருத்துவர்கள் தங்கள் வரையறையை மாற்றிவிட்டனர். காப்பீட்டு வாசகமோ 35, 40 என்ற எண்களிலேயே நிற்கிறது. பரிசோதனை அறிக்கைகள் பலவற்றில் இடைச் சுற்றளவுக்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படுவதில்லை. பிஎம்ஐ 22.3 என்று எழுதப்பட்ட அறிக்கை, புணே மருத்துவருடையதா லண்டன் மருத்துவருடையதா என்பதை அந்த எண்ணைப் பார்த்து எவராலும் கூற முடியாது. நூற்றைம்பது செ.மீ. நாடா ஒன்று அதற்கான முதல் துப்பைத் தந்துவிடும்.